தினமும் திருத்துவது திறமையன்று

முகநூலில் விளம்பரம் செய்யும் வணிகர் பலர், காலையில் விற்பனை குறைந்தால் படத்தை மாற்றுகிறார்கள். மாலையில் யாருக்குக் காட்டுவது என்பதை மாற்றுகிறார்கள். பிறகு, முகநூல் பணத்தை விழுங்கிவிட்டது என்கிறார்கள். அதை ஊட்டியவர்கள் தாமே என்பதை மட்டும் ஏற்க மறுக்கிறார்கள்.

புதிய விளம்பரத் தொகுதி தொடங்கியதும், எவருக்குக் காட்டினால் பொருள் விற்கும் என்று அதன் கணினி முறைமை பரீட்சித்துப் பார்க்கிறது. திரையில் Learning என்று தெரியும் அக்காலத்தில் செலவு ஏறி இறங்கும். கடைசிப் பெரிய திருத்தத்துக்குப் பின் ஒரு வாரத்துள் ஏறத்தாழ 50 விற்பனைகள் சேர்ந்தால்தான் அது நிலைபெறும்.

நாளொன்றுக்கு 8 விற்பனை எனக் கொள்வோம். ஏழாம் நாளில் 50ஐத் தாண்டலாம். மூன்று நாளுக்கொருமுறை படத்தை மாற்றுபவருக்கோ 24 ஆனதும் கணக்கு மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மாதம் முழுவதும் அவர் பரீட்சைக்கே பணம் கட்டுகிறார்.

தவறான விலையை உடனே திருத்தத்தான் வேண்டும். செலவுத்தொகையைச் சிறிதளவு கூட்டுவது பொதுவாகக் கணக்கைக் குலைக்காது, பலமடங்காக்கினால் குலைக்கும். நாளுக்கு 4 விற்பனை மட்டுமே என்றால் பொறுமையும் உதவாது. வாரத்துக்கு 28தான், Learning limited என்று திரை சொல்லிவிடும். அப்போது சிதறிய தொகுதிகளை ஒன்றாக்க வேண்டும். அல்லது, விற்பனைக்குப் பதிலாக, பொருளைக் கூடையில் இடுவதை இலக்காக்க வேண்டும்.

இவை எதையும் செய்யாமல் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு முகநூலைக் குறைசொல்ல என்ன உரிமை?