பேய் ஓட்டுங்க, முதல்ல காய்ச்சல் பாருங்க

பேய் ஓட்டற வீடியோ ஒண்ணு வந்தா போதும், ரெண்டு கட்சி கிளம்பிடுது. ஒண்ணு "மூடநம்பிக்கை"ன்னு சிரிக்கும். இன்னொண்ணு "இது நம்ம முன்னோர் கண்ட மனவைத்தியம்"னு விளக்கும். தஞ்சாவூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கற எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம்.

ஒரு பொண்ணு. பிரசவமாகி ஒன்பதாம் நாள் ராத்திரி தூங்கலை, பிள்ளையை யாருன்னு கேட்டா. காலையில தெளிவா இருப்பா, விளக்கு வெச்சா உளறுவா. தீட்டுங்கறதால கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலை. பூசாரி வீட்டுக்கே வந்து வேப்பிலை அடிச்சார். அப்புறம் தர்காவுல ஓதின தண்ணி, தாயத்து. மூணாம் நாள் பக்கத்து வீட்டம்மா ஜெபம் பண்றவரை அழைச்சு வந்தாங்க. மூணு மதமும் வந்துடுச்சு, ஒரு தெர்மாமீட்டர் வரலை.

எங்ககிட்ட வந்தப்ப காய்ச்சல் 103, நாடி 130, உதிரப்போக்குல கெட்ட வாடை. கர்ப்பப்பையில கிருமித் தொற்று, ரத்தத்துல பரவி மூளையைக் குழப்பியிருக்கு. தீட்டுன்னு தனி ரூம்ல விட்டதால உடம்பு கொதிச்சதை யாரும் தொட்டுப் பார்க்கலை.

சடங்கால யாருக்குமே குணமாகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். திருவிடைமருதூர் கதை தெரியும்ல? வரகுண பாண்டியன் குதிரையில மிதிபட்டு ஒரு அந்தணர் இறந்துட்டார். அந்தப் பிரம்மஹத்தி கிழக்கு வாசல்லயே நின்னுடுச்சு, ராஜா மேற்கு வாசல் வழியா வெளியே போயிட்டார். இன்னைக்கும் ஜனங்க அப்படித்தான் போறாங்க. குற்ற உணர்ச்சியை இறக்கி வைக்க ஒரு வாசல். வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கம் பேயா வர்றவங்களுக்கு அது உதவலாம். ஆனா கிருமி கிழக்கு வாசல்ல நிக்காது. "முன்னோர் மனவைத்தியம்"னு பேசறவங்க மறைக்கறது இதைத்தான்.

சிரிக்கறவங்க மறந்தது வேற. கத்தோலிக்கத் திருச்சபை 1999-ல திருத்தின பேயோட்டும் சடங்கு நூலே, முதல்ல நோயான்னு பாரு, மருத்துவரைக் கலந்துக்கோன்னு சொல்லுது. பூசாரிகிட்டயும் இதையே கேட்கலாம். கேலி பண்ணிட்டா அந்தப் பேச்சே நடக்காது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி தர்கா பக்கத்துத் தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. தப்பிக்க விடாதது பிரார்த்தனை இல்லை, கால்ல இருந்த சங்கிலி. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை பண்ணியிருக்கு.

அதனால வீட்ல யாருக்காவது "பேய் பிடிச்சா" காய்ச்சல் பாருங்க. இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளுங்க. நேரத்துக்கு நேரம் மாறுதா, கிழமை தெரியலையா, உடனே 108. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளன்னா காய்ச்சல் இல்லாட்டியும் வாங்க. குடியை நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல சுவத்துல பூச்சி ஊருதுன்னாலும் அதே அவசரம்தான், அதுல உயிரே போகலாம்.

அந்தப் பொண்ணு ஊசி மருந்து ஏறின நாலாம் நாள் பிள்ளையைக் கேட்டா. தாயத்தை நாங்க கழட்டலை. டிரிப்ஸுக்கு இடைஞ்சலா இருந்துச்சு, நர்ஸ் அக்கா அவிழ்த்து மறு கையில கட்டிவிட்டாங்க.