பணிவு வேறு, கெஞ்சல் வேறு

கூரை ஒழுகுவது பற்றி வீட்டுச் சொந்தக்காரருக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் இரண்டே விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, "ஹாஜியார், கூர ஒழுகுது, எத்தின தரம் சொல்ற?" மற்றது, "தங்கள் மேலான கருணையை நாடி மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்." முதலாவதற்குப் புள்ளி வெட்டுகிறோம், இரண்டாவதற்குச் சரி போடுகிறோம். பிழை ஆசிரியர்களாகிய எங்களுடையது.

முறைசார்ந்த நடை இதுதான்: "மே 3ஆம் திகதி முதல் சமையலறைக் கூரை ஒழுகுகிறது. இரு தடவை நேரில் அறிவித்தோம். இம்மாத இறுதிக்குள் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

திகதி, இடம், கோரிக்கை, தவணை நான்கும் உண்டு. ஏச்சும் இல்லை, இரப்பும் இல்லை. வாடகை கொடுப்பவர் யாசகரல்லர். பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். நாங்கள் எதற்குச் சரி போட்டிருக்கிறோம் என்று கேளுங்கள்.