லீவு இரவுக்கில்லை, விடியலுக்கு

ஒட்டுசுட்டானில் நாங்கள் ஒரு சின்னக் கூத்துக் குழு. கோவலனாக ஆடுகிற அண்ணை முல்லைத்தீவில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. போன முறை ஐந்து ஊரில் ஆட்டம் எண்டு திகதி குறிச்சிட்டுத்தான் அவரிட்டச் சொன்னம். அவர் "கூத்துக்கு ஒரு கிழமை லீவு வேண்டும்" எண்டு எழுதிக் கொடுத்தார். கிடைக்கேல்ல. எங்களுக்கு மனேஜரில் கோபம். இப்ப யோசிச்சால் பிழை எங்களிட்டத்தான்.

கூத்து ராத்திரி தொடங்கி விடிய முடியும். ஐந்து மணிக்கு வேலை முடிச்சு வெளிக்கிட்டாலும் வேஷம் கட்ட நேரம் இருக்கு. ஆக, ஆடுகிற நாளுக்கு லீவே தேவையில்லை. தேவைப்படுவது அடுத்த நாள் காலமைக்கு. இதைப் பிரிச்சுப் பார்க்காமல்தான் "ஒரு கிழமை" எண்டு கேட்டம்.

அவரிட்ட எத்தனை லீவு இருக்கு எண்டும் நாங்கள் கேக்கேல்ல. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் அமய லீவு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இரண்டு மாதம் முடிய ஒரு நாள்தான் சேரும். அண்ணை சேர்ந்து எட்டு மாதம். நாலு நாள் சேர்ந்து, அதில் மூன்று போய்விட்டது. மிச்சம் ஒரேயொரு நாள்.

அந்த ஒரு நாளை வைச்சுத் திரும்பக் கணக்குப் போட்டம். இரண்டு ஆட்டத்தைச் சனி இரவுக்கு மாத்தினம், ஞாயிறு படுக்கலாம். ஒன்றைப் போயாவுக்கு முதல் நாள் இரவு வைச்சம், விடிஞ்சால் அரச விடுமுறை. (போயா இரவிலேயே ஆடினால் அடுத்த நாள் வேலை, இதில கன பேர் ஏமாறுவினம்.) நாலாவது ஒரு கோயில் பொங்கல், திங்கள் இரவு. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்களில் வருகிற மாதிரி, இதையும் எங்கட வசதிக்கு மாத்த ஏலாது. அந்தச் செவ்வாய்க்குத்தான் மிச்சமிருந்த லீவு. ஐந்தாவது ஊரிட்ட இந்த வருடம் வரேலாது எண்டு சொன்னம்.

புதுக் கடிதத்தில் ஒரு திகதி, காரணம் கூத்து, அண்டைக்கு அவற்ற வேலையைப் பார்க்க ஒத்துக்கொண்ட ஆளின் பெயர். அவ்வளவுதான். லீவு கிடைச்சுது.

"காய்ச்சல் எண்டு போடுங்கோ அண்ணை" எண்டு எங்களில் சிலர் முதலில் சொன்னது உண்மை. கோவலனை ஊரே பார்க்கும், ஆட்டம் முடிய முதல் படம் முகநூலில வந்திடும். பிடிபட்டால் போறது அவற்ற வேலை, எங்கட இல்லை.

அதனால் எங்கட நிலைப்பாடு இது: லீவு கேக்கிறது ஆடுறவரின் தனிப் பிரச்சினை இல்லை. குழு திகதி குறிக்க முதல் ஒவ்வொருத்தரிட்டயும் எத்தனை லீவு மிச்சம் எண்டு கேக்க வேணும். அந்தக் கணக்குக்குள்ள எத்தனை ஊர் அடங்குதோ, அத்தனை ஊர் போதும்.