வலது ஓரத்திலிருந்து படியுங்கள்

வங்கியில் முப்பத்தைந்து வருடம் பேரேடு பார்த்தவன் நான். சென்ற மாதம் தங்கை மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். முறுக்கு, தட்டை செய்து ஆன்லைனில் விற்கிறான். கூகுளில் இரண்டு விளம்பரம் கொடுத்திருந்தான்.

"மாமா, முதல் விளம்பரம் பிரமாதமாப் போகுது. ரெண்டாவதை நிறுத்திடலாமா?"

அவன் காட்டியது CTR என்ற கட்டம். விளம்பரம் நூறு முறை கண்ணில் பட்டால் எத்தனை முறை தட்டப்படுகிறது என்ற கணக்கு. இரண்டுமே 20,000 முறை காட்டப்பட்டிருந்தன. முதலாவதில் 800 தட்டல், 4 சதவீதம். இரண்டாவதில் 200தான், 1 சதவீதம்.

ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் காசு கொடுக்கிறோமே! முதலாவதில் தட்டலுக்கு 5 ரூபாய் வீதம் 4,000 ரூபாய் செலவு. வாங்கியவர்கள் 8 பேர். நூற்றுக்கு ஒருவர். இதுதான் Conv. rate. அடுத்த கட்டமான Cost / conv. ஓர் ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு: 500 ரூபாய். இரண்டாவதில் தட்டலுக்கு 10 ரூபாய், மொத்தம் 2,000. வாங்கியவர்கள் 10 பேர், நூற்றுக்கு ஐவர். ஓர் ஆர்டருக்கு 200 ரூபாய்.

"ஒரு ஆர்டர்ல உனக்கு என்னப்பா மிஞ்சும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் போக 300 ரூபா, மாமா."

அப்படியானால் பிரமாதமான விளம்பரத்தில் ஆர்டருக்கு 200 ரூபாய் நஷ்டம். நிறுத்த நினைத்ததில் 100 ரூபாய் லாபம்!

காரணம் எளிது. முதலாவதில் "பாட்டி கைமணம்" என்று மட்டும் இருந்தது. வேடிக்கை பார்க்க எல்லோரும் தட்டினார்கள். இரண்டாவதில் விலையும், ஒரு கிலோவுக்குக் குறையாது என்பதும் இருந்தது. வேண்டாதவர் வாசலோடு திரும்பிவிட்டார். தட்டல் குறைந்தால் கூகுள் தட்டலின் விலையை ஏற்றக்கூடும் என்பது உண்மைதான். அப்படியும் இது மலிவாகத்தான் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. முதலில் திரையில் 8 இல்லை, 40 என்று இருந்தது. கூடையில் பொருளைப் போட்டாலே விற்பனை என்று எண்ணும்படி அமைத்திருந்தான். ஆர்டர் நோட்டோடு ஒத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இன்னொன்று, இன்று வந்த ஆர்டரை அவர் தட்டிய நாளின் கணக்கில்தான் கூகுள் எழுதும். ஆகவே கடைசி சில நாள் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எட்டும் பத்தும் சிறிய எண்கள் என்பதால், இன்னும் இரண்டு வாரம் பார்த்துவிட்டு முடிவெடு என்றேன்.

என் கருத்து இதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படித் திரையைக் காட்டினால் தட்டலைப் பார்த்து மகிழாதீர்கள். ஆர்டருக்கு ஆன செலவை முதலில் பாருங்கள். கையில் மிஞ்சுவதை அதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கடைக்குள் எட்டிப் பார்ப்பவரை யாரும் கல்லாவில் எழுதுவதில்லையே!