வெல்லச் சிப்பமும் துண்டுச் சீட்டும்



எங்கள் காமயகவுண்டன்பட்டியில் மளிகைக் கடை நடத்தும் ஒருவரின் மகள், உணவு பாதுகாப்பு அலுவலர் பணிக்கான தேர்வுக்குப் படித்து வருகிறாள். சட்டத் தமிழும் சட்ட ஆங்கிலமும் ஒருங்கே மிரட்டுவதால், அவ்வப்போது புத்தகத்தோடு என் அறைக்கு வந்து ஐயம் கேட்பாள். சென்ற மாதம் அவள் கொண்டுவந்த வினா இது: “சில்லறை வணிகர் ஒருவர் விற்ற வெல்லம் தரக்குறைவானது என ஆய்வில் தெரிகிறது. அதை வாங்கியதற்கு அவரிடம் ரசீது இல்லை. பொறுப்பாளி யார்?”

“வெல்லம் காய்ச்சியவன்தானே, சுவாமி? அப்பா சிப்பத்தைப் பிரித்து விற்றதோடு சரி” என்றாள். வினாவில் இல்லாத அப்பா விடைக்குள் நுழைந்துவிட்டதைக் கவனித்தேன். அவர் கம்பத்தில் சரக்கெடுக்கும்போது பெறுவதெல்லாம் பென்சிலால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ‘வெல்லம் 4 சிப்பம்’ என்றும் ஒரு தொகையும் அதில் இருக்கும். விற்றவர் பெயர் இராது. ஆகவே நாங்கள் இருவரும் சட்டத்தையே திறந்து வைத்துக்கொண்டு படித்தோம்.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை முதியோர் அறிவர். அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2011 ஆகஸ்டு 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதன் 26ஆம் பிரிவு உணவு வணிகரின் கடமைகளைச் சொல்கிறது. பாதுகாப்பற்றது, தரக்குறைவானது, பொய்யான விவரச்சீட்டு உடையது, தடை செய்யப்பட்டது ஆகியவற்றை அவர் தாமும் விற்கலாகாது. தமக்காகப் பிறரைக் கொண்டும் விற்கலாகாது. தொற்று நோயுள்ளவரை வேலைக்கு வைக்கலாகாது. இவை யாவரும் எதிர்பார்ப்பவையே. இவற்றை அடுத்து வரும் ஓர் உட்பிரிவைத்தான் தேர்வெழுதுவோரும் கடைக்காரரும் ஒருசேரத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஓர் உணவு வணிகர் மற்றொரு விற்பனையாளருக்குச் சரக்கு விற்கும்போது, அதன் தன்மைக்கும் தரத்திற்கும் எழுத்து மூலமான உறுதிமொழி கொடுத்தாக வேண்டும் என்பதே அது. தனியாக உறுதிமொழிப் படிவம் தராவிட்டாலும், கொடுத்த பில்லே உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்று சட்டம் மேலும் கூறுகிறது.

இதன் கருத்தைச் சற்று நின்று நோக்குங்கள். பில் என்பது பணம் கொடுத்ததற்கு அடையாளம் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். சட்டத்தின் கண்ணுக்கோ அது, “இந்தச் சரக்கு நல்லது, அதற்கு நான் பொறுப்பு” என்று மொத்த வியாபாரி எழுதிக் கொடுத்த வாக்கு. பெயரில்லாத துண்டுச் சீட்டில் வாக்குக் கொடுத்தவர் எவருமில்லை. 27ஆம் பிரிவு இதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. யாரிடமிருந்து பெற்றது என்று அடையாளம் காட்ட இயலாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு.

இனி வெல்லத்துக்கு வருவோம். நம் மக்களுக்கு வெளிர் மஞ்சள் வெல்லத்தின் மேல் ஒரு மயக்கம். கருத்த வெல்லத்தை அழுக்கு என்று ஒதுக்குகிறோம். அதனால் கரும்புச் சாற்றைக் காய்ச்சுகையில், நிறம் வெளுக்க ‘ஹைட்ரோஸ்’ எனும் கந்தகப் பொருளைச் சிலர் அளவின்றித் தூவுகின்றனர். வெல்லத்தில் எஞ்சும் கந்தக டை ஆக்சைடு ஒரு கிலோவுக்கு 70 மில்லி கிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. மிஞ்சினால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் உண்டாகலாம். கண்ணால் பார்த்து 70 என்றும் 140 என்றும் எவரும் சொல்ல முடியாது; அதற்கு ஆய்வகம் வேண்டும்.

அலுவலர் ஒருவர் நம் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் சான்று கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா, மூட்டைகள் தரையிலும் சுவரிலும் படாமல் இருக்கின்றனவா, காலாவதியான பொட்டலங்கள் உண்டா என்று பார்ப்பார். கொள்முதல் பில்களைக் கேட்பார். பின்பு வெல்லத்தில் மாதிரி எடுப்பார். அதை இலவசமாக எடுத்துச் செல்ல அவருக்கு உரிமையில்லை; வழக்கமான விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும் நோக்கத்தை எழுத்தில் அறிவித்து, சாட்சியின் முன்னிலையில், அதை நான்கு பாகமாக்கி முத்திரையிடுவார். பழைய சட்டத்தில் மூன்று பாகமே. தேர்வில் இந்த இடத்தில் இடறுவோர் உண்டு. ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பாகங்கள் நியமன அலுவலரின் காவலில் இருக்கும். நான்காவது பாகம் யாருக்கு என்றேன். பெண் தயங்கினாள். அது கடைக்காரருக்காக உள்ள பாகம். அவர் அப்போதே கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அவர் செலவில் அது அனுப்பப்படும். வாய் திறவாத கடைக்காரர் அவ்வாய்ப்பை இழக்கிறார். பயத்தினால் எத்தனை பேர் வாய் திறவாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்!

பகுப்பாய்வாளர் மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் கந்தக அளவு 140 என்றும், கடைக்காரர் கேட்டு அனுப்பிய ஆய்வகத்தில் 60 என்றும் வந்தால், காவலிலுள்ள பாகங்களில் ஒன்று மேலாய்வகத்துக்குச் செல்லும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அத்தகையவற்றுள் ஒன்று. அங்கு சொல்வதே முடிவு. நான்காம் பாகத்தைக் கேளாதவருக்கும் ஒரு வழி எஞ்சியிருக்கிறது. அறிக்கையின் நகல் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதை மேலாய்வுக்கு அனுப்புவதா என்பது அவர் தீர்மானம்.

அறிக்கையில் எச்சொல் எழுதப்பட்டிருக்கிறது என்பது மிக முக்கியம். ‘பாதுகாப்பற்றது’ என்றிருந்தால் வழக்குக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும், சிறையும் உண்டு. ‘தரக்குறைவானது’ என்றிருந்தால், தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்துத் தண்டத் தொகை விதிப்பார். அதன் உச்சம் 5 லட்சம் ரூபாய். தொகையை முடிவு செய்யும்போது, அறியாமல் நேர்ந்ததா, அதனால் அடைந்த ஆதாயம் என்ன, மீண்டும் மீண்டும் செய்ததா என்பவற்றை அவர் கருத வேண்டும்.

பில் மீண்டும் மேசைக்கு வருவது இவ்விடத்தில்தான். 80ஆம் பிரிவு, தக்க கவனத்தோடு நடந்தேன் என்று மெய்ப்பிப்பவருக்குத் தற்காப்பு அளிக்கிறது. வாங்கிய நிலையிலேயே விற்றேன், வழங்கியவர் செய்த சோதனையை நம்பியது நியாயமானது, ஐயுற எனக்குக் காரணமில்லை என்று அவர் காட்ட வேண்டும். வழங்கியவர் யார் என்பதையே காட்ட முடியாதவர் இவற்றை எப்படி மெய்ப்பிப்பார்? “நல்லதென்று தவறாக நம்பிவிட்டேன்” என்பது தற்காப்பாகாது எனவும் அச்சட்டமே எழுதி வைத்துள்ளது. அதற்காக, பில் இருந்தால் எதையும் விற்கலாம் என்றும் பொருளில்லை. ஊரில் எங்கும் கிடைக்காத மலிவு விலைக்கு, எங்கும் காணாத வெண்மையில் வெல்லம் வந்தால், ஐயுறக் காரணமில்லை என்று எந்த அலுவலரிடமும் சொல்ல முடியாது. ஈரத் தரையில் போட்டுச் சிப்பத்தைக் கெடுத்தவரும் மொத்த வியாபாரியைக் கை காட்ட இயலாது.

பெண் தன் விடையை அடித்துவிட்டு, ‘விற்பவர்’ என்று எழுதினாள். காய்ச்சியவர் குற்றமற்றவர் என்பதல்ல. அவரிடம் போய்ச் சேரும் வழி, ரசீது இல்லாத கடையிலேயே அறுந்துவிடுகிறது.

அன்று மாலையே தந்தையார் கம்பத்துக்குப் போய் முறையான பில் கேட்டிருக்கிறார். கேட்டதும் மொத்த வியாபாரியின் முகம் சற்று மாறியதாம். சிப்பத்துக்குச் சில ரூபாய் கூடும் என்றாராம். கூடினாலும் சரி என்று வாங்கி வந்தார். மகள் அதை என் முன்னால் சோதித்தாள். உணவு வணிகரின் உரிம எண் பில்லில் அச்சிடப்பட வேண்டும் என்பது 2022 சனவரி 1 முதல் கட்டாயம். அது 14 இலக்கம் கொண்டது. விரலை வைத்து எண்ணினாள். இருமுறை எண்ணினாள். 13தான் இருந்தது.

மறுநாள் காலை பேருந்திலேயே அந்தப் பில் கம்பத்துக்குத் திரும்பிப் போயிற்று.