"சீக்கிரம் அனுப்பவும்" என்று எழுதாதீர்கள்!

பாரிஸ்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல குப்பை கொட்டுறேன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். ஏப்ரல் வந்தா எங்க பொழைப்பே, கஸ்டமர் கம்பெனிகளோட கணக்காளருக்கு "விடுபட்ட பேப்பர்களை அனுப்புங்க"ன்னு பிரெஞ்சுல மெயில் போடுறதுதான்.

டிசம்பர் 31ல கணக்கு முடிக்கிற கம்பெனி, மே 1க்கு அடுத்த இரண்டாவது வேலை நாளுக்குள்ள வரிக் கணக்கை தாக்கல் பண்ணணும். ஆன்லைன்ல அனுப்புறதால கூடுதலா 15 நாள் கிடைக்கும். தவறினா கட்ட வேண்டிய வரியில 10% அபராதம், மேல மாசாமாசம் வட்டி.

நான் முதல்ல போட்ட மெயில் எப்படி இருந்துச்சு தெரியுமா? "விடுபட்ட ஆவணங்களை 'தான் லே மெய்யர் தெலே' அனுப்பவும்." அதாவது, கூடிய சீக்கிரம். பத்து நாள் கழிச்சு அந்தம்மா கிட்ட இருந்து ஒரு வரி பதில்: "எந்த ஆவணங்கள்?" பத்து நாள் போச்சு! தப்பு அந்தம்மா மேல இல்ல, என் மேலதான்.

எது விடுபட்டிருக்குன்னு நமக்குத்தான் தெரியும். பேங்க்ல பணம் போயிருக்கும், பில் இருக்காது. அதையெல்லாம் 471ங்கிற தற்காலிகக் கணக்குல போட்டு வைப்போம். வருஷக் கணக்கை மூடும்போது அது காலியா இருக்கணும். அப்ப அந்த 471ஐத் திறந்து, இருக்கிற வரிகளை அப்படியே மெயில்ல இறக்கினாலே பட்டியல் ரெடி.

ரெண்டாவது மெயில்ல அதைத்தான் செஞ்சேன். "நவம்பர் 14, 1440 யூரோ, ரிப்பேர் கம்பெனிக்கு: பில் தேவை. டிசம்பர் 31 சரக்கு இருப்புப் பட்டியல் தேவை. மே 5க்குள்." கூடவே ஏன்னும் சொன்னேன்: அந்த 1440ல 240 யூரோ வாட் வரி, பில் இல்லாம அதைக் கழிக்க முடியாது. மறுநாளே பில் வந்துடுச்சு. இருப்புப் பட்டியல் மே 4ந் தேதி வந்துச்சு.

பிரெஞ்சு மெயில்னா கடைசில பெரிய மரியாதை வாக்கியம் வேணும்னு பயப்படுறாங்க. அதுக்கு ஒரு "கோர்தியால்மான்" போதும். நிஜமா வேலை செய்யுற மரியாதை ஆரம்பத்துல வர்ற "ஸோஃப் எரர் த நோத்ர் பார்". எங்க பக்கம் தப்பு இல்லேன்னா, இவை வந்து சேரலைன்னு அர்த்தம். நம்ம ஊர்ல "நீங்க அனுப்பியிருப்பீங்க, என் கண்ணுல படல"ங்கிறோமே, அதேதான் :-)

என் கட்சி இதுதான்: எதிராளியைத் தேட விடுறது மரியாதை இல்ல. தேதி, தொகை, கெடு, ஏன்ங்கிற காரணம், இந்த நாலும் எழுதுறதுதான் மரியாதை.

உங்க ஆபீஸ்ல எப்படி மக்களே?