அத்தை, சிரிக்கக் கூடாது

கொஞ்சம் நீளமான பதிவு. வளரும் பெண்பிள்ளை உள்ள வீட்டுக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்குத் தம்பி மகளிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை என்னைய பார்லருக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? அம்மா நுனி வெட்டுற மாதிரி இல்ல, நெசமா வெட்டணும். எங்கிட்ட 600 ரூபா இருக்கு."

அந்த 600 ரூபாயில்தான் என் கண் நின்றது. இது நேற்று தோன்றிய ஆசை இல்லை, பல மாதமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். இடுப்பு வரை அடர்ந்த சுருள் முடி. ஞாயிறு தலைக்குக் குளித்தால் இரவு வரை காயாது. திங்கட்கிழமை காலையில் ஈரத்தோடு இரட்டைச் சடை. மத்தியானத்துக்குள் தலைவலி, அரிப்பு, ஒரு வாடை. பக்கத்தில் உட்காரும் பிள்ளை தள்ளி உட்கார்ந்தாளாம். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் இருந்தவள் நான். அந்தத் தள்ளி உட்காருதல் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அத்தை கூட்டிப்போவது தவறு என்பது என் கருத்து. அன்றைக்கு ஜெயித்த மாதிரி இருக்கும். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பிள்ளைதான் பேச்சு வாங்கும். அதனால் தம்பி மனைவியிடம் நானே பேசினேன். "நாலு பேர் என்ன சொல்வாங்க அண்ணி?" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "காலையில சடை போடுற பத்து நிமிஷம்தான் அவ எங்கூட உக்காருறா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "சடை போடுற அளவுக்கு முடி இருக்கும். நீயும் வா" என்றேன். மூன்று பேருமாகப் போனோம்.

நாற்காலியில் உட்கார்ந்தது அவள். "எவ்வளவு எடுக்கணும்?" என்று அழகுக்கலைப் பெண் கேட்டதோ என்னிடம். "அவளிடமே கேளும்மா" என்றேன். போனில் ஒரு படம் காட்டினாள். நேரான முடி, தோள் வரை லேயர் கட். அந்தப் பெண் நல்லவள், விளக்கிச் சொன்னாள். சுருள் முடி நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருண்டு மேலே ஏறும். ஈரத்தில் தோள் வரை வெட்டினால் காய்ந்தபின் தாடை வரை வந்து நிற்கும். முன்பக்கம் குட்டையாக லேயர் வெட்டினால் சடையில் அடங்காமல் பிதுங்கும், பள்ளிக்கூடத்தில் தினமும் கிளிப்போடு போராட வேண்டும். கடைசியில் யூ கட், ஈரத்தில் அளந்து ஆறு அங்குலம் என்று அவளே முடிவு செய்தாள். "கொஞ்சம் வெட்டுங்க" என்று சொல்லவே கூடாது. கொஞ்சம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அங்குலம் சொல்லி, முதுகில் தொட்டுக் காட்ட வேண்டும்.

நடுவில் முதலாளியம்மா வந்து, "ஸ்மூத்தனிங் பண்ணினா சுருளே போயிடும்" என்றார். வேண்டாம் என்றேன். அந்த மருந்துகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு புகை வரும், கண்ணும் தொண்டையும் எரியும். போதாததற்கு, வேரிலிருந்து வளரும் புது முடி மறுபடி சுருளாகத்தான் வரும். கட்டணத்தையும், அதில் தலை அலசுவது சேருமா என்பதையும் உட்காரும் முன்பே கேட்டுவிட்டோம். இல்லாவிட்டால் அவளுடைய 600 பில் போடும் இடத்தில் கூனிக் குறுகி நின்றிருக்கும்.

முடி காய்ந்தபின் தலையை நேராக வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கற்றையை முன்னால் இழுத்துப் பார்த்தோம். இடது பக்கம் அரை அங்குலம் நீளம். சொன்னதும் சரிசெய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடித்து என்ன பயன்?

வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்று சொல்லி அம்மாவைச் சம்மதிக்க வைக்காதீர்கள். முடி வேரிலிருந்து வளர்வது, நுனியை வெட்டுவது அதற்குத் தெரியாது. உண்மையைச் சொல்லுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். ஆறு அங்குலம் பிடிக்காமல் போனால் ஒரு வருஷத்தில் திரும்ப வந்துவிடும். ஒரு பிள்ளை தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுத்துப் பழக, இதைவிட நஷ்டம் குறைந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

திங்கட்கிழமை காலை தம்பி மனைவியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. இரட்டைச் சடை, ரிப்பன். கீழே ஒரே வரி: "ஈரமே இல்ல அண்ணி."

உங்கள் வீட்டுப் பிள்ளை இதை யாரிடம் கேட்கும்? யோசித்துச் சொல்லுங்கள்.